பதின்மூன்று பிழைகளும் ஒரே காரணமும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அரச சேவைப் போட்டிப் பரீட்சைக்காக மூன்று மாதமாக நுண்ணறிவு மாதிரி வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்து வருகிறார். 40 கேள்வி, 60 நிமிடம். புள்ளி 27, 28 என்று நிற்கிறது, அதற்கு மேல் ஏறுவதில்லை. “பிழைவிட்ட கேள்விகளைத் திரும்பப் பார்த்தால் எல்லாம் எனக்குத் தெரிந்த கணக்காகத்தான் இருக்கிறது, அண்ணா. பிறகு ஏன் பிழை வருகிறது?”

கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். கடைசியாகச் செய்த தாளில் 13 பிழைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் சரியான விடையும் காரணமும் எழுதியிருந்தார். இரண்டு இடத்தில் “தெரியாது”. மீதி பதினொரு இடத்திலும் “கவனக்குறைவு”.

அந்தச் சொல்லை நான் நம்பவில்லை. அவர் பொய் எழுதவில்லை. ஆனால் சரியான விடையைப் பார்த்த பிறகு எழுதிய காரணம் அது. விடையைப் பார்த்த மூளை, பார்ப்பதற்கு முன் தனக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை நேர்மையாக நினைவுகூராது.

இதை 1975இல் பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் அழகாகக் காட்டினார். 1814இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு சிறு குறிப்பைப் பலரிடம் வாசிக்கக் கொடுத்தார். போர் நான்கு விதமாக முடிந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டார். சிலருக்கு முடிவு எதையும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு நான்கில் ஒன்றை, இதுதான் நடந்தது என்று சொல்லிவிட்டார். எது சொல்லப்பட்டதோ, அதற்கு வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்று அவர்களுக்குப் பட்டது. முடிவு தெரியாதவர் போல நினைத்துப் பதில் சொல்லுங்கள் என்று கேட்டபோதும் அவர்களால் அதைக் கழற்றி வைக்க முடியவில்லை. தெரிந்துகொண்ட ஒன்றைத் தெரியாததாக்குவது மனதுக்கு அவ்வளவு கடினம்.

வினாத்தாளிலும் இதேதான் நடக்கிறது. விடை 24 என்று கண்ணில் பட்டதுமே மூளை அதற்கொரு வழியைப் போட்டுவிடுகிறது. அந்த வழி முன்பே தன்னிடம் இருந்ததாகவும் எண்ணிக்கொள்கிறது. அப்புறம் “தெரிந்த கணக்குத்தானே, கவனிக்கவில்லை” என்று பக்கம் திரும்புகிறது.

ஆகவே நாங்கள் செய்த முதல் மாற்றம், விடையை மறைத்தது. புதிதாக ஒரு தாளைச் செய்தார். திருத்தியவர் அவருடைய தங்கச்சி. எந்தக் கேள்வி பிழை என்று மட்டும் ஒரு புள்ளி வைத்தார், சரியான விடையைச் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் நேரக்கட்டுப்பாடு இல்லாமல் அந்தக் கேள்விகளை மட்டும் திரும்ப எடுத்தோம். இந்த முறையும் 13 பிழைகள்தான்.

அதில் ஒரு கேள்வியை முழுதாகச் சொல்கிறேன்.

“ஒரு வரிசையில் மலர் இடமிருந்து 14ஆவது. ரவி வலமிருந்து 17ஆவது. இருவருக்கும் நடுவில் 5 பேர் நிற்கிறார்கள். அந்த வரிசையில் குறைந்தபட்சம் எத்தனை பேர் இருக்கலாம்?” தெரிவுகள் 24, 26, 31, 36.

அவர் போட்டிருந்தது 36. பதினான்கு, ஐந்து, பதினேழு, மூன்றையும் கூட்டியிருக்கிறார்.

கேள்வியை ஒருமுறை வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்க்கச் சொன்னேன். “இப்போது சொல்லுங்கள், என்ன கேட்டிருக்கிறார்கள்?”

“மலர் இடமிருந்து 14, ரவி வலமிருந்து 17, நடுவில் 5 பேர். மொத்தம் எத்தனை பேர்?”

‘குறைந்தபட்சம்’ விழுந்துவிட்டது. நேரக்கட்டுப்பாடு இல்லை, அவசரமும் இல்லை, அப்படியும் விழுந்தது. இடமிருந்து, வலமிருந்து என்ற சொற்களைக் கண்டதுமே பழகிய கணக்கு என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் சொற்களைக் கண் தடவிக்கொண்டுதான் போகிறது. தமிழ் வினாத்தாளில் இது இன்னும் கூடுதலாக நடக்கும் என்று நினைக்கிறேன். நம் வாக்கியத்தில் தரவுகள் முன்னால் வந்துவிடும். என்ன வேண்டும் என்பது கடைசியில்தான் வரும். ‘பொருந்தாதது எது’, ‘சரியல்லாத கூற்று எது’ என்று ஒரு சொல்லின் வாலிலேயே கேள்வி திரும்பிவிடுவதும் உண்டு.

சரி, இது வாசிப்புப் பிழை. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. குறைந்தபட்சம் என்ற சொல்லை அவரே கண்டுபிடித்துக் கோடிட்ட பிறகு, திரும்பச் செய்யச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தார். “ஆள் குறைய வேண்டுமென்றால் ரவி மலருக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும், இரண்டு பக்கத்து எண்ணிக்கையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்” என்றார். மிகச் சரி. பிறகு எழுதினார்: 14 + 17 − 5 = 26.

அதுவும் பிழை. என் கண்ணுக்கு அந்த 26 ஒரு புதையல் மாதிரித் தெரிந்தது. முதல் நாளே விடைத்தாளில் 24 என்று பார்த்திருந்தால், ‘குறைந்தபட்சம் என்பதைக் கவனிக்கவில்லை’ என்று எழுதி மூடியிருப்பார். அந்தக் காரணம் உண்மையும்கூட. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு பிழை இருந்தது. முதல் பிழை அதற்கு மூடியாக இருந்தபடியால் அது வெளியே வரவேயில்லை.

பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்களாக ஆட்களை வரையச் சொன்னேன். இடமிருந்து 14ஆவது வட்டத்தில் ‘ம’. அதற்கு இடப்பக்கம் ஐந்து வட்டங்களை விட்டு, 8ஆவதில் ‘ர’. ரவி வலமிருந்து 17ஆவது ஆகும் வரை வலப்பக்கம் வட்டங்களைச் சேர்த்துக்கொண்டே போனார். எண்ணினால் 24. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு “ரெண்டு பேரையும் நான் கழிக்கவில்லை” என்றார். இரண்டு தடவை எண்ணப்பட்டவர்கள் நடுவில் நிற்கும் ஐந்து பேர் மட்டுமல்ல. ரவியும் மலரும் சேர்ந்து ஏழு பேர். 31இலிருந்து 7 போனால் 24.

இப்படிப் படிப்படியாகக் கேட்டுப் போகும் முறை, 1977இல் அவுஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்ற கல்வியாளர் பிள்ளைகளின் கணிதப் பிழைகளை ஆராய்ந்து உருவாக்கியது. கேள்வியை வாசி, என்ன கேட்கிறது என்று சொல், எப்படிச் செய்வாய் என்று சொல், செய்து காட்டு, விடையை எழுது. இந்த வரிசையில் பிள்ளை எங்கே முதலில் தடுக்கி விழுகிறதோ அதுதான் பிழையின் இடம். நான் சேர்த்துக்கொண்டது ஒன்றுதான். விழுந்த இடத்தில் தூக்கிவிட்டு, மீதிப் படிகளையும் நடக்கவிட்டுப் பார்ப்பது.

13 கேள்விகளையும் இப்படிப் பார்த்து முடிக்க இரண்டு காலைகள் போயின. கணக்குப் பார்த்தபோது மூன்று வாசிப்பில், ஆறு முறையில், நான்கு வேகத்தில். வரிசைக் கேள்வியை முறைப்பிழைக்குள் போட்டேன், ஏனென்றால் வாசிப்பைச் சரிசெய்த பிறகும் அது நின்றது.

அந்த ஆறில் நான்கு உண்மையில் ஒரே பிழை. 60 மீற்றர் நீள வேலியில் 5 மீற்றருக்கு ஒரு தூண், இரு முனையிலும் தூண் உண்டு. மொத்தம் 13 வேண்டும், அவர் 12 போட்டிருந்தார். 8ஆம் திகதியிலிருந்து 20ஆம் திகதி வரை, இரண்டு நாளும் சேர்த்து 13 நாள், அங்கேயும் 12. இன்னொன்று மாடிப்படிக் கணக்கு. மேலே பார்த்தால் வரிசை, வேலி, நாட்காட்டி, படி என்று நான்கு வகைக் கேள்வி. அடியில் இருப்பது, இடைவெளியை எண்ணுவதா முனையையும் சேர்த்து எண்ணுவதா என்ற ஒரே குழப்பம். ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோதான் பிசகும் என்பதால், அது கவனக்குறைவு போலவே தோற்றம் காட்டும்.

வேகப்பிழை நான்கையும் கண்டுபிடித்தது வேறு வழியில். தாளைச் செய்யும்போதே ஐந்து கேள்விக்கு ஒருமுறை ஓரத்தில் மணியைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். ஐந்து கேள்விக்கு ஏழரை நிமிடம் என்பதுதான் கணக்கு. 16 முதல் 20 வரை 13 நிமிடம் போயிருந்தது. 21 முதல் 25 வரை நான்கே நிமிடம். நான்கு வேகப்பிழைகளில் மூன்று இந்த நான்கு நிமிடத்துக்குள் விழுந்தவை. அடுத்த நாள் ஆறுதலாக உட்கார்ந்தபோது மூன்றையும் தடங்கலில்லாமல் செய்துவிட்டார். அவற்றில் பழக வேண்டியது எதுவும் இல்லை. நேரத்தைத் தின்றது 18ஆவது கேள்வி, வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேரை உட்காரவைக்கும் புதிர். அதற்கு மட்டும் ஏழு நிமிடம் போராடி, சரியான விடையும் எடுத்திருந்தார்! பிழைகளை மட்டும் புரட்டுபவர் அந்தக் கேள்வியைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். அந்த ஒரு புள்ளிக்கு மூன்று புள்ளி விலையாகப் போயிருந்தது.

சரியான விடைகளுக்குள்ளும் பிழை ஒளிந்திருக்கும் என்பதால், ஊகித்துப் போட்டவற்றுக்கு அப்போதே ஒரு சின்னக் கேள்விக்குறி இடச் சொன்னேன். நான்கு தெரிவில் கண்ணை மூடிக்கொண்டு எட்டுக் கேள்விக்குப் போட்டாலும் சராசரியாக இரண்டு சரியாக வரும். அந்த இரண்டையும் தெரிந்ததாக எண்ணிக்கொள்ளக் கூடாது. இதே காரணத்தால், திரும்பச் செய்யும்போது தெரிவுகளையும் மூடி வைப்பது நல்லது. ஏற்கெனவே போட்ட 36 பிழை என்று தெரிந்தபிறகு மீதி இருப்பது மூன்றுதான்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. இரண்டாம் தடவை ஒரு கேள்வி சரியாக வந்தால், நேரம் கிடைத்ததால் வந்ததா, நேற்று ஒருமுறை மோதிப் பார்த்ததால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஒரு தாளை மட்டும் வைத்து ஒருவருக்கு வேகம்தான் பிரச்சினை என்று சொல்லவும் மாட்டேன். மூன்று, நான்கு தாள்களில் அதே இடம் திரும்பத் திரும்ப வந்தால்தான் நம்புவேன்.

அவருடைய அம்மா சாதகம் பார்த்திருந்தார். தை வரைக்கும் காலம் சரியில்லை, அதனால்தான் புள்ளி ஏறவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு தாயின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் 13 பிழைக்கும் ஒரே காரணம் சொல்லும் எந்த விளக்கத்தையும் நான் ஏற்கமாட்டேன். அது கிரகமாக இருந்தாலும் சரி, கவனக்குறைவாக இருந்தாலும் சரி. இரண்டுமே அடுத்த நாள் காலையில் உட்கார்ந்து எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை.

பழைய தாளையே திரும்பச் செய்தால் நினைவு உதவிக்கு வந்துவிடும் என்பதால், எண்களை மாற்றி அதே கேள்வியைக் கொடுத்தேன். இடமிருந்து 11, வலமிருந்து 15, நடுவில் 4, குறைந்தபட்சம் எத்தனை? முதல் தடவை வட்டங்கள் வரைந்து இரண்டு நிமிடத்தில் 20 என்றார். ஒரு கிழமை கழித்து வேறு எண்களோடு கொடுத்தபோது வரையவில்லை. ‘குறைந்தபட்சம்’ என்பதன் கீழே ஒரு கோடு போட்டார், நடுவில் நிற்பவர்களோடு இரண்டைக் கூட்டினார், பிறகுதான் கழித்தார்.