ஸ்டீன் குறிமுறை: ஒரே அட்டவணையில் இருவகைப் பிழைதிருத்தம்

குவாண்டம் கணினியில் தகவலின் அடிப்படை அலகு கியூபிட்; 0, 1 இரண்டும் கலந்த நிலையிலும் அது இருக்கலாம். ஒரு கியூபிட்டின் நிலையை ஏழு கியூபிட்டுகளில் பரப்பி வைத்து, அந்த ஏழில் ஏதாவது ஒன்று கெட்டாலும் எது, எப்படிக் கெட்டது என்று கண்டுபிடித்துச் சரிசெய்கிற முறைக்கு ஸ்டீன் குறிமுறை என்று பெயர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆண்ட்ரூ ஸ்டீன் 1996இல் இதை வெளியிட்டார். கட்டுரைகளில் இதை `[[7,1,3]]` என்று எழுதுவார்கள். ஏழு கியூபிட்டுகள், அவற்றில் காக்கப்படுவது ஒன்று, ஒரு சரியான நிலையை இன்னொரு சரியான நிலையாக மாற்றக் குறைந்தது மூன்று இடங்களைத் தொடவேண்டும் என்பது அதன் பொருள்.

தமிழில் 'ஏழு கியூபிட் பிழைதிருத்தக் குறிமுறை' என்று சொல்லலாம். 'குறியீடு' என்றும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் கணித அடையாளங்களையும் குறிப்பதால், தகவலை எந்த விதிப்படி எழுதிவைப்பது என்ற பொருளுக்குக் 'குறிமுறை'தான் எனக்குச் சரியாகப் படுகிறது. கியூபிட் என்பது பெஞ்சமின் ஷூமாக்கர் 1995இல் ஒரு கட்டுரையில் கொண்டுவந்த சொல். அதை அப்படியே வைத்துக்கொள்வோம். எது கெட்டது என்று கண்டறியச் செய்யும் சோதனைகளின் விடைகளைச் சேர்த்து 'சிண்ட்ரோம்' என்பார்கள். இது மருத்துவத்திலிருந்து வந்த சொல். இங்கே 'பிழைக்குறி' என்றால் போதும்.

இதன் வேர் 1950இல் வெளியான ஒரு கட்டுரையில் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதியில் கணினியில் வேலை கொடுத்துவிட்டுப் போவார். பிழை வந்ததைக் கண்டுபிடிக்கும் அந்த இயந்திரம், அந்தக் கணக்கை அப்படியே கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிழை இருக்கிறது என்று தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே இருக்கிறது என்று ஏன் தெரியக்கூடாது என்ற கேள்வியிலிருந்து அவருடைய குறிமுறை பிறந்தது. அதன் சோதனை அட்டவணை இவ்வளவுதான்:

```
இடம்      1 2 3 4 5 6 7
சோதனை 1   0 0 0 1 1 1 1
சோதனை 2   0 1 1 0 0 1 1
சோதனை 3   1 0 1 0 1 0 1
```

ஒவ்வொரு வரிசையிலும் 1 உள்ள நான்கு இடங்களின் பிட்டுகளைக் கூட்டிப் பார்க்கவேண்டும். இரட்டைப்படை வந்தால் விடை 0, ஒற்றைப்படை வந்தால் 1. நெடுவாக்கில் பாருங்கள்: ஒவ்வொரு இடத்துக்கும் கீழே அந்த இடத்தின் எண்ணே இரும எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தாம் பிட் புரண்டால் முதல் சோதனை 1, இரண்டாவது 0, மூன்றாவது 1. பிழைக்குறி 101, அதாவது 5. தேடவே வேண்டாம், எண்ணைப் படித்தால் போதும்.

சரி, இதை கியூபிட்டுக்குக் கொண்டுவருவதில் என்ன சிக்கல்? கியூபிட்டில் இருவகைப் பிழை வரும். ஒன்று, 0 என்பது 1 ஆகவும் 1 என்பது 0 ஆகவும் புரளும் பிட் பிழை. இன்னொன்று, இரண்டும் கலந்த நிலையில் 1இன் முன்னுள்ள குறி மட்டும் மாறும் கட்டப் பிழை: `|0⟩ + |1⟩` என்பது `|0⟩ − |1⟩` ஆகிவிடும். இலங்கைப் பாடநூல்களின் சொல்லில் இது அவத்தைப் பிழை. இது 0, 1 என்று அளந்து பார்த்தால் கண்ணில் படாது. கூட்டல் நிலையா கழித்தல் நிலையா என்று கேட்டால்தான் தெரியும். அந்தக் கேள்வியின் பார்வையில் கட்டப் பிழையும் ஒரு புரளல்தான். அப்படியானால் ஹாமிங்கின் மூன்று வரிசைகளை இரண்டாம் முறையும், இந்தக் கேள்விக்காகப் பயன்படுத்தலாம் அல்லவா?

எல்லா அட்டவணைக்கும் இது நடக்காது. கட்டச் சோதனை ஒன்று உண்மையில் கேட்பது, 'இந்த நான்கு இடங்களையும் சேர்த்துப் புரட்டினால் நிலை அப்படியே இருக்கிறதா?' என்பதை. அப்படிப் புரட்டும்போது பிட் சோதனைகளின் விடை மாறிவிட்டால் இரண்டு சோதனைகளும் ஒன்றையொன்று கெடுத்துவிடும். மாறாமலிருக்க, புரட்டும் வரிசையும் சோதிக்கும் வரிசையும் இரட்டைப்படை எண்ணிக்கையிலான இடங்களில்தான் சந்திக்கவேண்டும். மேலே பாருங்கள்: முதல் இரண்டு வரிசைகள் 6, 7இல் சந்திக்கின்றன, முதலும் மூன்றும் 5, 7இல், இரண்டும் மூன்றும் 3, 7இல். ஒவ்வொரு வரிசையும் தன்னோடு நான்கு இடங்களில். எல்லாமே இரட்டைப்படை. ஹாமிங் இதைத் தேடி அமைக்கவில்லை, அவருக்கு இது தேவையுமில்லை. 46 ஆண்டுகளுக்குப் பிறகு மொத்தக் கட்டடமும் இந்த ஒரு குணத்தின்மேல் நிற்கிறது. அதே 1996இல் கால்டர்பேங்கும் ஷோரும் தனியாக இதே வழியை வந்தடைந்ததால், இந்தக் குடும்பத்துக்கே மூவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து சி.எஸ்.எஸ். குறிமுறைகள் என்று பெயர்.

காக்கப்படும் '0' எப்படியிருக்கும் என்பதையும் இதிலிருந்தே எழுதிவிடலாம். ஏழு சுழியங்களில் தொடங்கி, மூன்று வரிசைகளையும் எல்லா விதமாகவும் சேர்த்துப் புரட்டினால் எட்டுச் சொற்கள் கிடைக்கும். அந்த எட்டும் சம அளவில் கலந்த நிலைதான் '0':

```
0000000  0001111  0110011  0111100
1010101  1011010  1100110  1101001
```

எல்லா இடத்தையும் புரட்டினால் '1'. தனியொரு கியூபிட்டைப் பார்த்து உள்ளே இருப்பது என்ன என்று சொல்லவே முடியாது. சோதனைகளும் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதை மட்டும் கேட்பதால் உள்ளிருக்கும் தகவலைத் தொடுவதில்லை.

இப்போது ஐந்தாம் கியூபிட்டில் கட்டப் பிழை வந்தால், பிட் சோதனைகள் 000 என்றும் கட்டச் சோதனைகள் 101 என்றும் சொல்லும். ஐந்தின் கட்டத்தைத் திருப்பினால் முடிந்தது. இரண்டு பிழையும் ஒரே கியூபிட்டில் வந்தால் இரண்டு பக்கமும் 101. மூன்றில் பிட் பிழையும் ஐந்தில் கட்டப் பிழையும் வந்தால்கூட 011, 101 என்று தனித்தனியே தெரிந்து, இரண்டும் சரியாகிவிடும்.

தோற்கும் இடம் வேறு. மூன்றிலும் ஐந்திலும் பிட் பிழையே வந்தால் பிழைக்குறி 110, அதாவது 6. நாம் நம்பி ஆறாவதைப் புரட்டுவோம். 3, 5, 6 மூன்றும் புரண்டபின் எல்லாச் சோதனையும் 000 காட்டும், ஆனால் உள்ளே '0' இருந்த இடத்தில் '1' இருக்கும். சோதனையில் இதைப் பிடிக்க வழியே இல்லை. ஏழில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 21 வழிகள் இருப்பதால், ஒவ்வொன்றும் புரளும் வாய்ப்பு p என்றால் தோல்வி வாய்ப்பு ஏறக்குறைய 21p². நூற்றில் ஒன்று புரளும் என்றால் அது ஆயிரத்தில் இரண்டாகக் குறைகிறது. இருபதில் ஒன்றுக்கு அருகில் போனால் குறிமுறையால் லாபமே இல்லை. இதுவும் சோதனைகள் பிழையே செய்யாது என்று எடுத்துக்கொண்ட கணக்கு. நடைமுறையில் சோதனைக்கென வைக்கும் துணைக் கியூபிட்டும் கெடும், கெட்டதைத் தரவுக் கியூபிட்டுகளுக்குள்ளும் பரப்பும். அதனால் தாங்கக்கூடிய பிழை அளவு இன்னும் மிகக் கீழே இறங்கிவிடுகிறது.

ஐந்து கியூபிட்டுகளிலேயே ஒரு பிழையைத் திருத்தும் குறிமுறை உண்டு. அப்புறம் ஏன் ஏழு? கியூபிட்டின்மேல் செய்யும் ஒரு செயலை வாயில் என்பார்கள். இரு பக்கமும் ஒரே அட்டவணை இருப்பதால், 0, 1 நிலைகளைக் கூட்டல், கழித்தல் நிலைகளாக மாற்றும் ஹாடமார்ட் வாயிலை ஏழிலும் தனித்தனியே போட்டாலே உள்ளிருக்கும் கியூபிட்டுக்குப் போட்டதாகிவிடும். இரண்டு ஏழு-கியூபிட் தொகுதிகளை இடத்துக்கு இடம் இணைத்தால், ஒரு கியூபிட் 1 ஆக இருந்தால் இன்னொன்றைப் புரட்டும் சிநாட் வாயிலும் அப்படியே. கியூபிட்டுகள் தொகுதிக்குள் ஒன்றையொன்று தொடாததால் ஒன்றின் பிழை அதே தொகுதியின் அடுத்ததற்குப் பரவாது. 1இன் கட்டத்தை 45 பாகை திருப்பும் டி வாயில் மட்டும் இந்த வழிக்கு வராது. அதற்குத் தனியாகத் தயாரித்த துணை நிலைகள் வேண்டும். 2014இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஏழு கால்சியம் அயனிகளைக் கியூபிட்டுகளாக மின்புலப் பொறியில் நிறுத்தி இந்தக் குறிமுறையைச் செய்துகாட்டினார்கள்.