ஒளி மாசு: சொல்லும் அது மறைக்கும் விண்மீன்களும்

கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்குச் சங்கப் பாடல்களில் அறுமீன் என்ற பெயர் உண்டு. அகநானூறு 141ஆம் பாட்டில் அதைப் பார்க்கலாம். வெறுங்கண்ணால் அண்ணாந்து பார்த்தவர்கள் ஆறு எண்ணினார்கள், ஆறு என்றே பெயர் வைத்தார்கள். வேலூரில் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து நல்ல இரவில் எனக்கு மூன்று தெரிகின்றன. மீதி மூன்றையும் மறைப்பதற்குத்தான் ஒளி மாசு என்று பெயர்.

மாசு பழைய சொல். துணியில் படிந்த அழுக்கு, பொன்னில் உள்ள குறை, மனத்தில் இருக்கும் கறை எல்லாமே மாசுதான். 'மனத்துக்கண் மாசிலன் ஆதல்' என்று வள்ளுவர் சொன்னது அந்தப் பொருளில்தான். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் லைட் பொல்யூஷன் என்ற தொடரில் உள்ள பொல்யூஷன், அழுக்காக்குதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 1973இல் கர்ட் ரீகல் என்பவர் 'சயின்ஸ்' இதழில் இதே தலைப்பில் எழுதிய கட்டுரையில், வெளிவிளக்குகள் வானியலுக்குத் தடையாக வளர்வதை எடுத்துச் சொன்னார்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்று மாசு என்றால் காற்றில் கலந்த மாசு. நீர் மாசும் அப்படியே. அந்தப் பழக்கத்தில் ஒளி மாசு என்றதும் ஒளியில் ஏதோ கலந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் இங்கே ஒளிதான் மாசு, கெடுவது இருட்டு. இலக்கணப்படி சொன்னால் காற்று மாசு வேற்றுமைத் தொகை. ஒளி மாசு, ஒளியாகிய மாசு என்று விரியும் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. அதனால் 'ஒளி மாசடைதல்' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒளி மாசடையவில்லை, வானம்தான் மாசடைகிறது. ஒளி மாசு என்றே எழுதலாம். பேசும்போது ளகரத்தை அழுத்திச் சொல்லாவிட்டால் ஒலி மாசு என்று கேட்டுவிடும், அவ்வளவுதான். ஒளி என்பதற்கு வெளிச்சம் என்றும் பொருள், மறைந்துகொள் என்றும் பொருள். இந்த விஷயத்துக்கு இரண்டும் பொருந்துகின்றன.

சரி, ஒளி எப்படி விண்மீனை மறைக்கிறது? விண்மீனின் ஒளி குறைவதில்லை. அது வழக்கம்போலக் கண்ணுக்கு வந்து சேர்கிறது. தெருவிளக்கிலிருந்து மேலே போகும் ஒளியும், சாலையிலும் சுவரிலும் பட்டு எழும் ஒளியும், காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் ஈரத்திலும் மோதிச் சிதறி, ஒரு பகுதி திரும்பக் கீழே வருகிறது. அதனால் வானமே மெல்ல ஒளிர்கிறது. இதை வானொளிர்வு எனலாம். விண்மீனுக்குப் பின்னால் இருக்கும் திரை வெளுத்துப் போவதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடாமல் போகிறது. நீல ஒளி காற்றில் மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறும். பழைய மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு அதே வெளிச்சத்துக்கு நீலம் கூடிய வெள்ளை எல்இடி போட்டால் வானம் முன்பைவிட வெளுப்பது இதனால்தான். எங்கள் தெருவில் விளக்கு மாறிய பிறகுதான் என் கணக்கு நான்கிலிருந்து மூன்றானது.

அந்தக் கணக்கை வைத்தே வானத்தை அளக்கலாம். வானியலாளர்கள் விண்மீனின் பொலிவை ஓர் எண்ணால் குறிப்பார்கள். எண் ஏற ஏற விண்மீன் மங்கல். கார்த்திகையில் பளிச்சென்று இருப்பதன் எண் 2.9. மூன்றாவதுக்கு 3.7, ஆறாவதுக்கு 4.3. அதற்கு அடுத்து மங்கலாக இருப்பதன் எண் சுமார் 5. மூன்று எண்ண முடிந்தால் உங்கள் வானத்தில் கண்ணுக்குத் தெரியும் எல்லை 3.7 வாக்கில் இருக்கிறது என்று கொள்ளலாம். பொங்கலை ஒட்டிய நாட்களில் இரவு 8 மணிக்குக் கார்த்திகை ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். சித்திரை, வைகாசியில் என்றால் வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவில் உள்ள வசிட்டரைப் பாருங்கள். அவர் எண் 2.2. அவரை ஒட்டி இருக்கும் அருந்ததியின் எண் 4. வசிட்டர் தெரிந்து அருந்ததி தெரியாவிட்டால் எல்லை நான்குக்குக் கீழே என்று பொருள். கல்யாண மண்டபத்தில் பகலில் கை நீட்டிக் காட்டுகிறோமே, அந்த அருந்ததிதான்.

எண்ணுவதற்கு முன் கண்ணுக்கு அவகாசம் வேண்டும். இருட்டில் 20 முதல் 30 நிமிடம் இருந்தால்தான் கண் முழுதாகப் பழகும். இடையில் ஒரு முறை கைபேசித் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெளிச்சம் தேவையென்றால் டார்ச்சில் சிவப்பு பாலித்தீன் தாளைக் கட்டிக்கொள்ளலாம், மங்கலான சிவப்பு ஒளி கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று, தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டாலே எனக்கு ஒரு விண்மீன் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. நிலா இருக்கும் இரவில் இதெல்லாம் செல்லாது. அமாவாசைக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாட்கள்தான் நம்முடையவை.

அதற்கு மேல் வேண்டுமென்றால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். எவ்வளவு தூரம்? வானியலாளர்கள் வைத்திருக்கும் ஒரு தோராய விதி இதற்கு உதவும். ஓர் ஊரிலிருந்து போகும் தூரம் இரு மடங்கானால், அந்த ஊரால் வரும் வானொளிர்வு ஐந்தரை மடங்குக்கு மேல் குறையும். 10 கிலோமீட்டரிலிருந்து 20க்குப் போவது பெரிய லாபம். ஆனால் வழியில் வேறு ஊர் இருந்தால் கணக்கு கெட்டுவிடும். வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஆம்பூர், வாணியம்பாடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சக் குவியல்கள் வரும். அங்கிருந்து தெற்கே திரும்பி ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏற வேண்டும். 1960களில் வானியலாளர் வைணு பாப்பு ஒரு வானாய்வகத்துக்கு இடம் தேடியபோது அந்த மலையில் உள்ள காவலூரைத்தான் தேர்ந்தெடுத்தார். 1986இல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இன்று அந்த ஆய்வகத்துக்கே அவர் பெயர்தான்.

கிளம்பும் முன் lightpollutionmap.info வரைபடத்தைப் பார்க்கலாம். ஆனால் முழுதாக நம்ப வேண்டாம். அதற்குத் தரவு தரும் செயற்கைக்கோளின் உணரிக்கு நீல ஒளி சரியாகத் தெரியாது. எல்இடிக்கு மாறிய ஊர் அதில் உண்மையைவிட இருட்டாகத் தெரியும். இன்னொன்று, எந்தத் திசையில் பார்க்கப் போகிறோம் என்பதும் முக்கியம். தென்வானம் பார்க்க வேண்டுமானால் ஊருக்குத் தெற்கே போக வேண்டும், ஊரின் வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

பொங்கல் விடுமுறையில் அமாவாசையும் சேர்ந்து வந்த ஓர் ஆண்டு, காவலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் தெரிந்தவர் வீட்டு மாடியில் தங்கினோம். காட்டுக்குள் போக அனுமதி வேண்டும், ஊருக்குள்ளேயே மாடி கிடைத்தால் அது போதும். அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுக் கார்த்திகையைப் பார்த்தேன். ஆறும் தனித்தனியாக நின்றன. நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தபோது ஏழாவது ஒன்றும் வந்து வந்து போனது. வடக்கே அடிவானத்தில் மட்டும் ஆம்பூர் பக்கம் வெளுப்பு தேங்கி நின்றது. சப்தரிஷி எழுவது அந்த வடக்குப் பக்கத்தில்தான். அதனால் அருந்ததி அந்த வெளுப்பைத் தாண்டி மேலே வரட்டும் என்று பின்னிரவு 3 மணி வரை போர்வையோடு காத்திருந்தோம்.