ஃபியூ-ஷாட்: சிலகாட்டுத் தூண்டல்

மொழி மாடலிடம் ஒரு வேலையைச் சொல்லும்போது, அந்த வேலை முடிந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு சில எடுத்துக்காட்டுகளையும், மாடலுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் தூண்டுரைக்குள்ளேயே வைத்துக் கொடுப்பதற்கு 'ஃபியூ-ஷாட் ப்ராம்ப்ட்டிங்' என்று பெயர். இதில் குழப்பம் தருவது 'ஷாட்' என்ற சொல்தான். நமக்கு அந்தச் சொல் சினிமாவிலும் கிரிக்கெட்டிலும் பழகியது. இங்கே அந்த இரண்டு பொருளும் இல்லை.

ஆங்கிலத்தில் ஒரே தடவையில் முடிகிற காரியத்தை 'ஒன்-ஷாட்' என்பார்கள். கணினிப் பார்வைத் துறையில் ஃபெய்-ஃபெய் லி, ராப் ஃபெர்கஸ், பியெட்ரோ பெரோனா ஆகியோர் 2003-லும் 2006-லும் வெளியிட்ட ஆய்வுகள் இந்தச் சொல்லுக்கு ஒரு துறைப் பொருளைக் கொடுத்தன. ஒரு பொருளின் ஒன்றிரண்டு படங்களை மட்டும் பார்த்துவிட்டு, அந்த வகையைக் கணினி அடையாளம் காண முடியுமா என்பது அவர்கள் கேள்வி. அங்கே 'ஷாட்' என்றால் கற்கக் கிடைக்கும் ஒரு மாதிரிப் படம். பின்னால் வந்தவர்கள் 'ஐந்து வகை, வகைக்கு ஒரு ஷாட்' என்று எண்ணிச் சொல்லத் தொடங்கினார்கள். ஒன்று சிலவாகி 'ஃபியூ-ஷாட்' ஆயிற்று.

அந்தத் துறையில் பல முறைகளில், கொடுத்த சில படங்களைக் கொண்டு மாடலின் உள் எண்கள் உண்மையிலேயே திருத்தப்பட்டன. சிறிய அளவில் என்றாலும் அது பயிற்சிதான். 2020 மே மாதம் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-3 என்ற மொழி மாடல் பற்றிய ஆய்வுத்தாள் வெளிவந்தபோது சொல் அப்படியே இருந்தது, பொருள் மாறிவிட்டது. 17,500 கோடி உள் எண்கள் கொண்ட அந்த மாடலுக்கு 10 முதல் 100 வரை எடுத்துக்காட்டுகளைத் தூண்டுரையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாடல் ஒரே தடவையில் வாங்கும் 2,048 டோக்கன்களுக்குள், அதாவது சொல்துண்டுகளுக்குள், எத்தனை அடங்குமோ அத்தனை. ஓர் எண்கூடத் திருத்தப்படவில்லை. ஆனாலும் தாளின் தலைப்பில் மாடல் 'கற்கிறது' என்றே இருந்தது. 'நாலு எடுத்துக்காட்டு கொடுத்துப் பயிற்சி கொடுத்தோம், அடுத்த நாள் மறந்துவிட்டது' என்ற குறை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. மாடல் எதையும் மறக்கவில்லை. அதற்குள் எதுவும் பதியவே இல்லை. அடுத்த அழைப்பில் எடுத்துக்காட்டுகளை மறுபடி அனுப்பாவிட்டால் அவை அதற்கு இல்லாதவையே.

ஆகவே தமிழ்ச்சொல்லில் 'கற்றல்', 'பயிற்சி' இரண்டையும் தவிர்ப்பது நல்லது. 'மாதிரி' என்று வைத்தால், மாடலுக்கும் அதே சொல்லைச் சொல்கிறவர்கள் இருப்பதால் வாக்கியம் குழம்பும். 'சான்று' நிறுவுவதற்கானது, இங்கே எதையும் நிறுவவில்லை. பொருத்தமான சொல் நம் உரைமரபிலேயே இருக்கிறது. காண்டிகை உரைக்கு நன்னூல் சொல்லும் உறுப்புகள் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்பவை. அதில் 'காட்டு' என்பது எடுத்துக்காட்டு. ஒரு சூத்திரத்தை விளக்க உரைகாரர் தரும் காட்டு சூத்திரத்தை மாற்றுவதில்லை. அது எந்த இடத்தில் எப்படிப் பொருந்துகிறது என்று காட்டுகிறது. தூண்டுரையில் வைக்கும் எடுத்துக்காட்டின் வேலையும் அதுவே. எனவே ஃபியூ-ஷாட்டுக்குச் 'சிலகாட்டுத் தூண்டல்', ஒன்-ஷாட்டுக்கு 'ஒருகாட்டுத் தூண்டல்' என்பது எங்கள் பரிந்துரை. காட்டே வைக்காத ஸீரோ-ஷாட்டுக்கு 'வெறுந்தூண்டல்' போதும். 'காட்டில்லா' என்று தொடங்கினால் வாசிப்பவர் மனம் காட்டுக்குள் போய்விடும்.

இனி ஒரு வேலையை எடுத்துப் பார்ப்போம். பார்சல் நிறுவனம் ஒன்றுக்கு வரும் புகார்களிலிருந்து ஊர்ப்பெயரை மட்டும் எடுக்க வேண்டும். தமிழில் ஊர்ப்பெயர் வேற்றுமை உருபு ஏற்று உருமாறி வருகிறது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

```
வாக்கியம்: வேலூருக்கு அனுப்பிய பெட்டி உடைந்திருந்தது.
ஊர்: வேலூர்

வாக்கியம்: ஈரோட்டில் அலுவலகம் பூட்டியே கிடக்கிறது.
ஊர்: ஈரோடு

வாக்கியம்: நெல்லையிலிருந்து பார்சல் இன்னும் வரலை.
ஊர்: திருநெல்வேலி

வாக்கியம்: பணம் எப்போது திரும்பக் கிடைக்கும்?
ஊர்: இல்லை

வாக்கியம்: காஞ்சிபுரத்தில் வண்டி இரண்டு நாளாக நிற்கிறது.
ஊர்:
```

நான்கு காட்டுகளும் நான்கு வேறு வேலைகளைச் செய்கின்றன. முதலாவது, விடையின் வடிவத்தைக் காட்டுகிறது. இரண்டாவது, உருபைக் கழித்தால் மட்டும் போதாது, 'ஈரோட்டு' என்று நிற்பதை 'ஈரோடு' ஆக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது, மரூஉப் பெயரை முழுப்பெயராக்கச் சொல்கிறது. பேச்சுநடையும் வரும் என்று சேர்த்தே காட்டிவிடுகிறது. நான்காவது, ஊரே இல்லாத வாக்கியத்துக்கு என்ன எழுதுவது என்பது. இதை விட்டுவிட்டால், ஊர் இல்லாத புகாருக்கும் ஏதாவது ஓர் ஊரை மாடல் எழுதக்கூடும். காட்டுகளில் இருந்த ஊர் ஒன்றையே எழுதினாலும் எழுதும். 'ஊர்:' என்பதற்குப் பின் எப்போதும் ஊர்தான் வரும் என்பதே அது கண்ட ஒழுங்கு.

எதையும் திருத்தாமல் இந்த ஒழுங்கை மாடல் எப்படிப் பிடிக்கிறது? அடுத்த டோக்கன் எது என்று கணிப்பதே அது முதலில் பழகிய வேலை. பழகிய உரையில் அகராதிகளும் வினாவிடைகளும் பட்டியல்களும் நிறைய உண்டு. அவற்றில் அடுத்ததைச் சரியாகக் கணிக்க வேண்டுமானால், அந்தப் பக்கத்தில் இதுவரை ஓடிய ஒழுங்கைப் பார்த்தே ஆக வேண்டும். அதற்கான உறுப்புகள் பயிற்சியின்போதே உள்ளே உருவாகிவிடுகின்றன. 2021-இல் ஆந்த்ரோபிக் நிறுவன ஆய்வாளர்கள் அப்படியான ஓர் உறுப்பை விவரித்து அதற்கு 'இண்டக்‌ஷன் ஹெட்' என்று பெயரிட்டார்கள். அதன் வேலையை எளிதாகச் சொல்லலாம்: இப்போது நிற்கும் டோக்கன் இதற்கு முன் எங்கே வந்தது என்று பின்னோக்கித் தேடும், அங்கே அதற்கு அடுத்து எது வந்ததோ, அதையே இங்கேயும் வரவைக்கப் பார்க்கும். சிறிய மாடல்களில் இந்த உறுப்புக்கும் சூழலைப் பார்த்து ஒழுகும் திறனுக்கும் உள்ள தொடர்பை நேரடியாகவே காட்ட முடிந்தது. பெரிய மாடல்களில் இரண்டும் சேர்ந்தே தோன்றுகின்றன என்ற அளவுக்குத்தான் சான்று. பெரியவற்றில் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாமல், பொருளில் ஒத்துப்போனாலும் இது நடக்கிறது. 'காஞ்சிபுரத்தில்' என்பதை 'ஈரோட்டில்' என்பதற்கு இணையாக வைத்துப் பார்ப்பது அவ்வகை.

ஆனால் 'காஞ்சிபுரத்து' என்பதிலிருந்து 'காஞ்சிபுரம்' என்ற வடிவம் எந்தக் காட்டிலும் இல்லை. மாடல் பெரிதாக இருந்தால் தான் முன்பே அறிந்த தமிழிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். சிறியதாக இருந்தால் 'காஞ்சிபுரத்து' என்றே நிறுத்திவிடலாம். அப்போது 'சேலத்துக்கு → சேலம்' என்று அத்துச்சாரியைக்கும் ஒரு காட்டு வைக்க வேண்டும். அதேபோல் 'சேலத்திலிருந்து கரூருக்கு அனுப்பியது' என்று இரண்டு ஊர் வந்தால் எது வேண்டும் என்று நாம் எங்குமே சொல்லவில்லை. அனுப்பிய ஊரா, சேரும் ஊரா என்று ஒரு காட்டில் தீர்த்துவைக்காதவரை விடை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரலாம். ஒரே மாதிரியான பத்துக் காட்டுகளைவிட, பிசகும் இடத்துக்கு ஒன்றாக வைத்த ஐந்து அதிகம் உதவும்.

காட்டுகளின் வரிசையும் விகிதமும் விடையைச் சாய்க்கும். 2021-இல் ஜிபிடி-3-ஐச் சோதித்தவர்கள், காட்டுகளில் அதிகம் வந்த விடையின் பக்கமும் கடைசியில் வந்த விடையின் பக்கமும் மாடல் சாய்வதைக் கண்டார்கள். நம் எடுத்துக்காட்டில் 'இல்லை' கடைசியாக நிற்பது அந்த வகையில் ஆபத்தான இடம். நடுவில் நகர்த்துவது நல்லது. சாய்வு இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் செய்ததுபோலவே செய்யலாம்: வாக்கியம் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஒன்றை, உதாரணமாக வெறும் கோடு ஒன்றை, வைத்து என்ன விடை வருகிறது என்று பாருங்கள். நம் வேலையில் அங்கே 'இல்லை' வருவதுதான் சரி. 'வேலூர்' என்று வந்தால் மாடல் வாக்கியத்தைப் பார்க்காமல் காட்டுகளையே திருப்பிச் சொல்கிறது. இதோடு, காட்டுகளில் சேராத 30 புகார்களைத் தனியே எடுத்துவைத்து, வரிசையை மூன்று நான்கு விதமாகக் கலைத்து ஓட்டிப் பாருங்கள். கலைக்கும்போதெல்லாம் விடைகள் மாறினால், காட்டுகள் இன்னும் வேலையைத் தெளிவாகச் சொல்லவில்லை.

காட்டில் உள்ள விடைகள் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதில் ஒரு வியப்பான முடிவு உண்டு. 2022-இல் வந்த ஓர் ஆய்வில், வகைப்படுத்தும் வேலைகளில் விடைகளைக் கண்டபடி மாற்றிவைத்தபோதும் மதிப்பெண் சிறிதே குறைந்தது. அந்த வேலைகளை மாடல் முன்பே அறிந்திருந்தது. காட்டுகள் அதற்குச் சொன்னது வடிவம், விடைகளின் பட்டியல், வரும் வாக்கியங்களின் தோற்றம் ஆகியவை. இதை நம்பி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. மறு ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், விடைகளை முழுவதும் தலைகீழாக்கியபோது சிறிய மாடல்கள் தங்கள் பழைய அறிவையே பிடித்துக்கொண்டன; பெரிய மாடல்கள் தலைகீழான காட்டுகளின் பின்னால் போயின. மாடல் பெரிதாகப் பெரிதாக நம் எழுத்துப்பிழைக்கும் அது கீழ்ப்படியும்.

இந்த முறையின் எல்லையையும் அதே தூண்டுரையில் காணலாம். 'நெல்லை → திருநெல்வேலி' என்று ஒன்றைக் காட்டினால், காட்டாத 'கோவை'யை மாடல் 'கோயம்புத்தூர்' ஆக்கிவிடும். அந்த உறவு அதற்கு ஏற்கெனவே தெரியும். எதைச் செய்ய வேண்டும் என்பது மட்டுமே தெரியாமல் இருந்தது. ஆனால் நிறுவனம் தன் கிளைகளுக்குத் தானே 'பி7', 'பி12' என்று எண் வைத்திருந்து, 'பி7 → கரூர்' என்று ஒன்றைக் காட்டினால், பி12 எந்த ஊர் என்று அதனால் அறிய முடியாது. தயங்காமல் ஏதோ ஓர் ஊரை எழுதக்கூடும், வடிவமும் பிசகாமல் இருக்கும். அந்த இடத்தில் காட்டுகளைக் கூட்டிப் பயனில்லை. கிளைப்பட்டியல் முழுவதையும் தூண்டுரையில் ஒட்ட வேண்டும், அல்லது அந்த எண்ணை மாடலிடம் கொடுக்காமல் சாதாரண நிரலே அட்டவணையில் பார்த்து மாற்றிவிட வேண்டும்.