30 ரூபாய் கிளிப்புக்கு எத்தனை வரி விளக்கம், 20,000 ரூபாய் பேட்டரிக்கு எத்தனை வரி விளக்கம்?

இணையத்தில் பொருள் விற்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விலை குறைந்த பொருளுக்கு இரண்டு வரி விளக்கம், விலை கூடிய பொருளுக்கு இரண்டு பக்கம். பெரும்பாலும் இது சரியாகவே அமைந்துவிடும். ஆனால் ஏன் சரி என்பது புரிந்தால்தான் எங்கே தவறும் என்பதும் புரியும்.

1961-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், தகவல் தேடுவதற்கும் ஒரு செலவு உண்டு என்று எழுதினார். விலை விசாரித்துக் கடை கடையாக ஏறுகிறவர், அடுத்த கடையில் மிச்சமாகக்கூடிய பணம் அங்கே போகிற சிரமத்தைவிடக் குறைவு என்று தோன்றும்போது நிறுத்திக்கொள்வார். விளக்கத்தைப் படிப்பதும் இப்படித்தான். அடுத்த வரியைப் படித்தால் ஏமாற்றம் எவ்வளவு குறையும், அதற்கு எவ்வளவு நேரம் போகும் என்று மனசு ஒரு குத்துமதிப்புக் கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். மாதம் 25,000 ரூபாய் சம்பளத்துக்கு 200 மணி நேரம் உழைக்கிற ஒருவருக்கு ஒரு நிமிடத்தின் மதிப்பு சுமார் 2 ரூபாய். அவர் 30 ரூபாய் முடிக் கிளிப் ஒன்றைப் பார்க்கிறார். நிறம், வடிவம் எல்லாம் படத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்கு மேலும் பிடிக்காமல் போக பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், அவர் பயப்பட வேண்டிய நஷ்டம் 3 ரூபாய். விளக்கத்தைப் படிப்பதால் அது பாதியாகக் குறைந்தாலும் லாபம் ஒன்றரை ரூபாய்தான், அதாவது முக்கால் நிமிடம். அந்த லாபத்தில் பெரும்பகுதி ஒரே கேள்வியில் இருக்கிறது: அடர்த்தியான முடியைத் தாங்குமா? 'நீளம் 8 செ.மீ., அடர்ந்த முடிக்கும் போதும்' என்றால் கணக்கு முடிந்தது. அதற்கு மேல் எழுதுவது எதுவும் படிக்கிற நேரத்துக்குக்கூட ஈடாகாது.

இப்போது 20,000 ரூபாய் இன்வெர்ட்டரும் பேட்டரியும். தவறாக வாங்கிவிட ஐந்தில் ஒரு வாய்ப்பு, தவறினால் பாதிப் பணம் வீண் என்று வைத்தால் பயப்பட வேண்டிய நஷ்டம் 2,000 ரூபாய். நல்ல விளக்கம் அதைப் பாதியாக்கினால் லாபம் 1,000 ரூபாய், நேரக் கணக்கில் சுமார் எட்டு மணி நேரம். அதனால்தான் ஒரு வாரம் விசாரிக்கிறோம், மச்சானிடம் கேட்கிறோம், எலக்ட்ரீஷியனிடமும் கேட்கிறோம். நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கவலை இங்கே தேவையில்லை. படிக்கத் தயாராகத்தான் வருகிறார்கள்.

அப்படியானால் நீட்டி எழுதினால் போதுமா? போதாது. இங்கேதான் 1984-இல் ரிச்சர்ட் பெட்டி, ஜான் கசியோப்போ என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு தேர்வுத் திட்டத்தை ஆதரிக்கும் வாதங்களை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு மூன்று வாதங்கள், சிலருக்கு ஒன்பது. சிலருக்கு வலுவானவை, சிலருக்குச் சொத்தையானவை. திட்டம் தங்களைப் பாதிக்காது என்று நினைத்தவர்கள், வாதம் வலுவோ சொத்தையோ, எண்ணிக்கை கூடியபோது அதிகமாக ஒத்துப்போனார்கள். தங்களைப் பாதிக்கும் என்று நினைத்தவர்களிடம் கதை வேறு. ஒன்பது வலுவான வாதங்கள் மூன்றைவிட நன்றாக எடுபட்டன. ஒன்பது சொத்தை வாதங்களோ மூன்றைவிட மோசமாகத் தோற்றன.

சோதனையில் எல்லோரும் படித்தாக வேண்டும். கடையில் அப்படியில்லை, கிளிப் வாங்க வந்தவர் பாதியில் போய்விடலாம். அதனால் மலிவுப் பொருளுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த மாட்டேன். விலை கூடிய பொருளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. 'உயர்ந்த தரம், நவீனத் தொழில்நுட்பம், உங்கள் குடும்பத்தின் நம்பிக்கை' என்று பேட்டரிக்குப் பத்து வரி சேர்த்தால் நீளம் கூடும், ஆனால் நம்பிக்கை குறையும். 20,000 ரூபாய் கொடுக்கப்போகிறவர் ஒவ்வொரு வரியையும் எடைபோடுகிறார்.

சரி, பேட்டரிக்கு என்னதான் எழுதுவது? வாங்குகிறவரின் முதல் கேள்வி, கரண்ட் போனால் எவ்வளவு நேரம் ஓடும் என்பதுதான். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் என்று போட்டிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-ஹவர். தலா 75 வாட்டில் மூன்று ஃபேன், தலா 10 வாட்டில் ஐந்து எல்.இ.டி. பல்பு, மொத்தம் 275 வாட். வகுத்தால் ஆறரை மணி நேரம் வரும். அது கிடைக்காது. இந்த பேட்டரிகளின் 150 என்ற கணக்கு பொதுவாக 20 மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியர் அளவில் கரண்ட் எடுத்தால் கிடைப்பது. இந்த வீட்டில் இன்வெர்ட்டரின் சேதாரத்தையும் சேர்த்து சுமார் 27 ஆம்பியர் இழுக்கும், வேகமாக இழுத்தால் ஈய-அமில பேட்டரி தருகிற மொத்த அளவே குறைந்துவிடும். ஆகவே புது பேட்டரியில் நாலு, நாலரை மணி நேரம் என்று எழுதுவதே நேர்மை. '3 ஃபேன், 5 லைட், சுமார் 4 மணி நேரம்' என்பது முதல் வரியில் வர வேண்டும், மேலே போட்ட கணக்கு அதற்குக் கீழே. அவசரக்காரர் முதல் வரியோடு நிற்பார், சந்தேகப்படுகிறவர் கீழே இறங்கிப் படிப்பார்.

அப்புறம் வாரண்டி. 60 மாதம் என்று மொத்தமாகப் போடாமல், எத்தனை மாதத்துக்குப் புது பேட்டரி இலவசம், எத்தனை மாதத்துக்கு விலையில் கழிவு மட்டும் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். டிஸ்டில்ட் வாட்டர் எப்போது பார்க்க வேண்டும், உயரம் எவ்வளவு, பழைய பேட்டரியை எடுத்துக்கொள்வீர்களா? கேள்விகள் இங்கே தீர்ந்துவிடுகின்றன. விளக்கமும் இங்கேயே நிற்கலாம்.

விலையை வைத்து மட்டும் நீளத்தை முடிவு செய்கிறவர்கள் குக்கர் கேஸ்கட்டில் மாட்டிக்கொள்வார்கள். 150 ரூபாய் பொருள்தான். ஆனால் பொருந்தாவிட்டால் ஆவி கசியும், விசில் வராது, திருப்பி அனுப்புகிற செலவு லாபத்தைத் தின்றுவிடும். கறுப்பு வளையத்தின் படம் இங்கே எதையும் சொல்லாது. எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை லிட்டர், உள்மூடியா வெளிமூடியா, எதற்கெல்லாம் பொருந்தாது, இவ்வளவும் வேண்டும். தவறாக வாங்க எவ்வளவு வாய்ப்பு, அந்த வாய்ப்பை எழுத்தால் எவ்வளவு குறைக்க முடியும் என்பதுதான் நீளத்தைத் தீர்மானிக்கிறது. விலை அந்தக் கணக்கில் ஒரு பகுதி மட்டும்.

எழுதிய நீளம் சரியா என்று கண்டுபிடிக்க இரண்டு வடிவங்களை மாற்றி மாற்றிக் காட்டி, எது அதிகம் விற்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள். பேட்டரி மாதிரிப் பொருளுக்குச் சிறிய கடைகளால் இது முடியாது. பார்க்கிற நூறு பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றால், அது 1.2 ஆக உயர்ந்ததை நம்பகமாகக் கண்டறிய ஒவ்வொரு வடிவத்தையும் 40,000 பேருக்கு மேல் பார்க்க வேண்டும். அதைவிட வருகிற போன் கேள்விகளையும், பொருள் திரும்பி வருவதற்கான காரணங்களையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பது எளிது. விளக்கத்தில் இல்லாததைக் கேட்டால் அதைச் சேர்க்க வேண்டும். இருப்பதையே பலரும் கேட்டால் அது கீழே புதைந்திருக்கிறது, மேலே கொண்டுவர வேண்டும். யாருமே கேட்காத, எந்தப் பொருளும் அதற்காகத் திரும்பி வராத ஒரு பத்தி இருந்தால் அதை எடுத்துவிட்டு, அடுத்த சில வாரங்களில் புதுக் கேள்வி முளைக்கிறதா என்று பார்க்கலாம்.