செவ்ரான் போர்வையில் முனை ஏன் சரிகிறது?

செவ்ரான் என்பது கூரான சிகரமும் பள்ளமும் மாறிமாறி வரும் கோணல் கோட்டு வடிவம். என்னிடம் திருத்தக் கொண்டுவரப்படும் செவ்ரான் குரோஷே போர்வைகளில் பெரும்பாலானவற்றில் வரிசையின் மொத்தத் தையல் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஆனாலும் சிகரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், பள்ளம் மழுங்கியிருக்கும். மொத்த எண்ணிக்கையை மட்டும் நம்பினால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

ஆறு மடிப்புள்ள ஒரு போர்வையை எடுத்துக்கொள்வோம். தையல், அமெரிக்க வழக்கில் டபுள் குரோஷே. ஒவ்வொரு சரிவிலும் 8 சாதாரணத் தையல்கள். சிகரத்தில் ஒரே தையலுக்குள் 3 போடுகிறோம், அதனால் இரண்டு கூடுகிறது. பள்ளத்தில் 3 தையல்களை ஒன்றாக முடிக்கிறோம், இரண்டு குறைகிறது. ஒரு சிகரம், ஒரு பள்ளம், இரு சரிவுகள் சேர்ந்த ஒரு மடிப்புக்கு 20 தையல். ஆறு மடிப்புக்கும் ஓரத்துக்குமாக 121. இரு ஓரங்களிலும் அரைச் சிகரம் வரும் என்பதால், அங்கே மூன்றுக்குப் பதிலாக இரண்டு போட வேண்டும். திருப்பும்போது போடும் மூன்று சங்கிலி அந்த இரண்டில் ஒன்று. ஓரத்தில் இந்த இரண்டைப் போட மறப்பவர்களுக்கு வரிசைக்கு வரிசை ஓரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

கூர்மைக்கு உயிர்நாடி, புதிய மூன்றும் முந்தைய வரிசையின் மூன்றில் நடுத்தையலிலேயே விழுவதுதான். ஒரு தையல் தள்ளி, மூன்றாவதில் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தைக் கண்ணால் பார்த்து சரியான இடத்தில் போட்டிருப்பீர்கள். இப்போது சிகரத்துக்கு முன் 9, பின் 7. இரண்டும் சேர்ந்து 16தான், ஆகவே வரிசையில் 121 அப்படியே இருக்கும். அடுத்த வரிசை அந்தத் தவறான நடுவையே நடுவாகக் கொள்வதால் சாய்வு நிலைத்துவிடும். வண்ணம் மாறும் பட்டைகளில் இது அப்பட்டமாகத் தெரியும். நீரில் நனைத்து விரித்துக் காயவைத்தாலும் போகாது.

பள்ளத்திலும் இதே விதிதான். ஒன்றாகச் சேர்க்கும் மூன்றில் நடுவிலிருப்பது, முந்தைய பள்ளத் தையலின் தலையில் ஊசி நுழைவதாக இருக்க வேண்டும். அந்தத் தலை இரண்டு சரிவுகளுக்கு இடையே நெருங்கி ஒளிந்திருக்கும். விரலால் விலக்கித்தான் பார்க்க வேண்டும். இரண்டிரண்டாக இரு முறை குறைப்பவர்களுக்கு வளைந்த அலைதான் கிடைக்கும். அழகுதான், ஆனால் அது செவ்ரான் அல்ல. இரண்டு தையலை விட்டுத் தாண்டினால் பள்ளம் கூராக வரும், ஆனால் துளை விழும். குழந்தைப் போர்வைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, சின்ன விரல்கள் மாட்டிக்கொள்ளும்.

தொடங்க 124 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து நான்காவதில் முதல் தையலைப் போடுங்கள். முதல் நான்கு வரிசைகளில் ஒவ்வொரு சிகரத்தின் நடுத்தையலிலும் வேறு நிற நூல்துண்டைக் கட்டி, வரிசைக்கு வரிசை மேலே மாற்றிக்கொண்டே வாருங்கள். வரிசை முடிந்ததும் மொத்தத்தை எண்ணாமல் ஒவ்வொரு சரிவையும் தனித்தனியே எண்ணுங்கள். எங்காவது 9 அல்லது 7 வந்தால் அந்த வரிசையை அப்போதே அவிழ்த்துவிடுங்கள். அதற்கு மேல் இன்னும் பத்து வரிசை ஏறியபின் திருத்த வேண்டுமானால், அந்தப் பத்தையும் சேர்த்தே அவிழ்க்க வேண்டியிருக்கும்.