எந்த மெசேஜுக்கு முதலில் பதில்? ஒரு குழந்தைகள் நல மருத்துவரின் அனுபவத்திலிருந்து

மாவட்டத் தலைநகர் ஒன்றில் குழந்தைகள் நல மருத்துவராக இருக்கிறேன். மழைக்காலம் வந்துவிட்டால் ஓ.பி. முடிந்து கைபேசியை எடுக்கும்போது வாட்ஸ்அப்பில் டஜன் கணக்கில் மெசேஜ்கள் காத்திருக்கும். சளி, காய்ச்சல், தடிப்பு, மலத்தின் போட்டோ, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், பள்ளிக்கு மருத்துவச் சான்றிதழ், "பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு சந்தேகம்" என்று எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அத்தனைக்கும் அன்றே பதில் எழுத உட்கார்ந்தால் மறுநாள் காலை ஓ.பி.யில் கண் சொக்கும். இதே நிலையில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்காகவும், மெசேஜ் அனுப்பிவிட்டு பதிலுக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

நமது அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு ட்ரையாஜ் என்று பெயர். முதலில் வந்தவர் யார், சத்தமாகக் கூப்பிடுகிறவர் யார், தெரிந்தவர் யார் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. யாருக்குத் தாமதம் ஆபத்தோ அவர் முதலில். வாட்ஸ்அப் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. கடைசியாக வந்தது மேலே நிற்கும், மதியம் வந்தது கீழே போய்விடும். ஐந்து முறை மிஸ்டு கால் கொடுத்தவர் கண்ணில் படுவார், ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் பொறுமையாக இருப்பவர் படமாட்டார். அதனால் திரையில் இருக்கும் வரிசையை அப்படியே பின்பற்றினால் தவறான ஆளுக்குத்தான் முதல் பதில் போகும்.

நான் செய்வது இதுதான். படிக்காத மெசேஜ்களில் மிகப் பழையது வரை கீழே போய், அங்கிருந்து மேலே ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பேன். இந்த முதல் சுற்றில் யாருக்கும் பதில் கிடையாது. சிவப்பு தென்பட்டால் மட்டும் அங்கேயே நிறுத்தி போன் செய்வேன். சாதாரணக் கேள்விக்கு நடுவில் பதில் எழுத ஆரம்பித்தால், அதற்கு ஒரு மறுகேள்வி வரும், அதற்கும் பதில் சொல்வோம், பத்து நிமிடம் போய்விடும். அந்தப் பத்து நிமிடமும் மேலே இருக்கும் மெசேஜ் திறக்கப்படாமலே இருக்கும்.

படிக்கும்போது மனதில் இரண்டே கேள்விகள். இன்று இரவுக்குள் இந்தக் குழந்தையின் நிலை மோசமாக வாய்ப்பு இருக்கிறதா? இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டுமா, வேறு வழி இருக்கிறதா? முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் சிவப்பு. முதலாவதற்கு 'இல்லை', இரண்டாவதற்கு 'நான்தான்' என்றால் மஞ்சள். மற்றதெல்லாம் பச்சை.

ஒரு மாலை நேரத்து மெசேஜ்களை எடுத்துப் பார்க்கலாம். குடும்பங்கள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், ஆனால் இந்த மாதிரி மெசேஜ்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வரும். மேலே, ஒரு தந்தையிடமிருந்து மிஸ்டு கால்கள், பிறகு "மேடம் அர்ஜென்ட்" என்று ஒரு மெசேஜ். பள்ளிச் சுற்றுலாவுக்குச் சான்றிதழ் வேண்டுமாம். அதற்குக் கீழே பத்து மாதக் குழந்தையின் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, நான்கு போட்டோக்கள், பயந்துபோன தாய். அதற்கும் கீழே: "காய்ச்சல் விட்டுருச்சு மேடம், ரொம்ப நன்றி." எல்லாவற்றுக்கும் அடியில், மதியம் வந்தது: "பாப்பாவுக்கு லேசா சுடுது மேடம். பால் சரியா குடிக்கல. நேரம் இருக்கும்போது சொல்லுங்க."

அந்தப் பாப்பா பிறந்து 22 நாள். தெர்மாமீட்டரில் 100.6 டிகிரி. அன்றைய மெசேஜ்களில் மிகவும் பணிவாக எழுதப்பட்டது இதுதான், மிகவும் ஆபத்தானதும் இதுதான். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் காய்ச்சல் கிடையாது. அந்த வயதில் ரத்தத்தில் கிருமி பரவினாலும் பெரிய அறிகுறி தெரியாது. பால் குடிப்பது குறைவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். இதற்கு மெசேஜில் பதில் போதாது. நேரே போன்: "மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம், குடிக்கிற அளவு தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்." கிளம்பிவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டு, வார்டுக்கும் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

அடுத்தது அந்த 'நன்றி' மெசேஜ். அறிவிப்பில் முதல் வரி மட்டுமே தெரியும் என்பதால் இதைத் திறக்காமலே விட்டுவிடத் தோன்றும். திறந்தால் கீழே எழுதியிருக்கிறது: "இன்னிக்கு நாலு தடவை வாந்தி, வயிறு வலிக்குதுங்கறான், தூங்கிட்டே இருக்கான்." ஏழு வயதுப் பையன், காய்ச்சலின் ஐந்தாம் நாள். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவது பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான். தொடர்ந்து வாந்தி, வயிற்று வலி, சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, கைகால் சில்லிடுவது, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம் என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைதான். தாய் நிம்மதியோடு எழுதிய மெசேஜ் இது. படிக்கிற நாம் அந்த நிம்மதியில் கலந்துகொள்ளக் கூடாது. இதுவும் போன்.

இப்போது தடிப்பு. மூன்று நாள் நல்ல காய்ச்சல், காய்ச்சல் விட்டதும் தடிப்பு, குழந்தை விளையாடுகிறது, சாப்பிடுகிறது. பெரும்பாலும் ரோசியோலா, தானாகவே மறையும். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: கண்ணாடி டம்ளரைத் தடிப்பின் மேல் வைத்து அழுத்தினால் சிவப்பு மறைகிறதா? மறையாத புள்ளிகள் என்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கலாம், அது சிவப்புக்குப் போய்விடும். மறைகிறது என்றால் இரண்டு வரியில் பதில், காலையில் ஓ.பி.யில் பார்த்துக்கொள்ளலாம். சுற்றுலாச் சான்றிதழுக்கு என் பதிலே தேவையில்லை. ஓ.பி. நேரத்தில் குழந்தையோடு வந்தால் வரவேற்பில் சீட்டு போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று முன்பே எழுதி வைத்த பதில் போகும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இப்படிப் பதில்களைச் சேமித்து வைத்து ஒரு தட்டில் அனுப்பலாம்.

பச்சை போலத் தெரியும் ஒரு மெசேஜ் உண்டு: "பாராசிட்டமால் எவ்வளவு கொடுக்கணும் மேடம்?" ஒரு வரிதானே என்று அவசரத்தில் "5 எம்.எல்." என்று அடித்துவிடக் கூடாது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம் வேண்டும். கடையில் கிடைக்கும் சிரப் 5 எம்.எல்.லில் 125 மில்லிகிராமும் உண்டு, 250 மில்லிகிராமும் உண்டு. சொட்டு மருந்திலோ 1 எம்.எல்.லிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அந்த வீட்டில் இருப்பது சொட்டு மருந்து என்றால், 5 எம்.எல். என்பது 500 மில்லிகிராம், தேவையான அளவைப்போல நான்கு மடங்குக்கும் மேல். எனவே எடையும் பாட்டிலின் லேபிள் போட்டோவும் வராமல் அளவு சொல்வதில்லை. அவற்றை அனுப்பச் சொல்லும் மெசேஜ் மட்டும் உடனே போகும்.

வாய்ஸ் மெசேஜைக் கண்ணால் மேய்ந்து பார்க்க முடியாது, அதுதான் அதிலுள்ள தொல்லை. இரண்டு வரி எழுதிவிட்டு வாய்ஸ் அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வாய்ஸ் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவிட முடியாது. பெற்றோர் வெளியூரில் வேலை பார்க்க, பேரக்குழந்தையை வளர்க்கும் பாட்டிகள் பலருக்கு டைப் பண்ண வராது. அவர்களுடைய எண்களுக்கு லேபிள் போட்டு வைத்து, முதல் சுற்றிலேயே கேட்டுவிடுவேன்.

சரி, மனசாட்சி விஷயத்துக்கு வருகிறேன். பதில் சொல்லாமல் விட்டது எல்லாம் ஒரே மாதிரி உறுத்துகிறது என்று இளம் மருத்துவர்கள் சொல்வார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் பதிலுக்காகக் காத்திருந்து ஒரு குடும்பம் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்ததா? "காலையிலயே மெசேஜ் போட்டோம், நீங்க பார்க்கலைன்னு இருந்தோம்" என்று ஓ.பி.யில் யாராவது சொன்னால், அது அந்தக் குடும்பத்தின் தவறு கிடையாது. எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது என்பதை நாம் முன்கூட்டியே சொல்லி வைக்கவில்லை என்று அர்த்தம். இதைச் சொல்லி வைத்துவிட்டால், தூரத்து உறவினர் அனுப்பிய கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டுக்கு இன்று பதில் எழுதாதது தூக்கத்தைக் கெடுக்காது. அவருக்கு அவருடைய மருத்துவர் இருக்கிறார்.

என் எண்ணுக்கு ஓ.பி. நேரத்திலும் இரவிலும் தானாகப் போகும் பதில் இது: "இது அவசர உதவி எண் அல்ல. வலிப்பு, மூச்சுத் திணறல், பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், பட்டன் பேட்டரியோ மண்ணெண்ணெயோ விழுங்கியது: இவற்றில் எது இருந்தாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். மற்ற மெசேஜ்களை மாலை 5 மணிக்குப் பார்ப்பேன். குழந்தையின் வயது, எடை, எத்தனை நாளாக, குடிக்கிறதா, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று எழுதுங்கள்." முதல்முறை ஓ.பி.க்கு வரும்போதே இதை அச்சடித்துக் கையில் கொடுத்து, பாட்டியும் கூட இருந்தால் வாய்விட்டுப் படித்தும் காட்டுகிறோம்.

சட்டமும் இதற்குத் துணையாக இருக்கிறது. 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, மெசேஜ் வழி ஆலோசனை போதாது என்று தோன்றினால் எந்தக் கட்டத்திலும் நேரில் வரச் சொல்லலாம், ஆலோசனையைத் தொடராமல் நிறுத்தவும் செய்யலாம். நான் பார்த்தே இராத குழந்தைக்கு, தெரிந்தவர் ஃபார்வர்டு செய்த போட்டோவை வைத்து மருந்து எழுத மறுப்பது கருணைக் குறைவு ஆகாது. "நேரில் காட்டுங்கள்" என்ற ஒரு வரி அந்தக் குழந்தைக்குச் செய்யும் நல்லதுதான்.

ஊருக்குப் போகும்போது இந்த ஏற்பாடு மொத்தமும் குலைந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தானாகப் போகும் பதிலில் பழைய நேரமே இருந்தால், மாலை 5 மணி வரை காத்திருக்கும்படி நாமே சொன்னதாக ஆகிவிடும். கிளம்பும் முன் அதை மாற்றி, எனக்குப் பதிலாகப் பார்க்கும் மருத்துவரின் பெயர், எண், ஓ.பி. நேரம் ஆகியவற்றை அவரிடம் கேட்டுக்கொண்டு போட்டுவிடுவேன். டெங்கு போல நாள் கணக்குப் பார்க்க வேண்டிய குழந்தைகளின் பெயர், காய்ச்சலின் எத்தனையாவது நாள், கடைசித் தட்டணு எண்ணிக்கை ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.