கடம்பாவுக்கு அப்புறமா கட்டுமரம்? தமிழ்ச் சொற்களைக் கணினி வரிசைப்படுத்தும் விதம்

காசிமேடு, ராயபுரம் பக்கம் புழங்கும் சொற்களை நண்பர் ஒருவர் சில காலமாகச் சேர்த்துவருகிறார். மீன் பெயர், படகுப் பெயர், ஊர்ப் பெயர் என எல்லாம் கலந்த பட்டியல் அது. அதிலிருந்து சில சொற்களை மட்டும் எடுத்து, பைத்தான் மொழியில் இருக்கும் `sorted()` என்ற கட்டளையிடம் கொடுத்தால் இப்படி அடுக்கித் தருகிறது:

ஃபைபர் படகு, கடம்பா, கட்டுமரம், கானாங்கெளுத்தி, காரப்பொடி, கொடுவா, சங்கரா, சௌகார்பேட்டை, ஜார்ஜ் டவுன், தண்டையார்பேட்டை, ரிக்‌ஷா, வஞ்சிரம்.

மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். அகராதி புரட்டிப் பழகியவருக்கு நான்கு இடங்கள் உறுத்தும். கட்டுமரம் கடம்பாவுக்கு முன்னால் வர வேண்டும். காரப்பொடி கானாங்கெளுத்திக்கு முன்னால் வர வேண்டும். ஜார்ஜ் டவுனின் இடம் பட்டியலின் கடைசி. ஃபைபர் படகோ, அகரத்தில் தொடங்கும் சொல் இருந்தாலும் அதற்கும் மேலே ஏறி உட்கார்ந்துவிடும். இந்த நான்கும் ஏன் இப்படி ஆகின்றன என்று தெரிந்துகொண்டால், எந்தப் பட்டியலையும் நாமே சரிசெய்துவிடலாம்.

கணினிக்கு 'க' என்பது ஓர் எண். யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் தெருவில் வீட்டுக்கு இருப்பதுபோல ஒரு கதவு எண் உண்டு. வேறு எதுவும் சொல்லாவிட்டால், கணினி அந்த எண்களை ஒப்பிட்டுத்தான் அடுக்கும். தமிழுக்கு ஒதுக்கிய பகுதி U+0B80-இல் தொடங்குகிறது. அதில் க U+0B95, ச U+0B9A, ஜ U+0B9C, ஞ U+0B9E. அதாவது ஜ, சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அங்கே அதற்கு இடமே இல்லை.

இந்த எண்கள் தமிழை மட்டும் பார்த்து வைத்தவை அல்ல. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக முன்பே இஸ்கி என்றொரு குறியீட்டு முறை இருந்தது. ஒரே ஒலிக்கு அந்த எல்லா மொழியிலும் ஒரே இடம் என்பது அதன் அடிப்படை. யூனிகோடு அந்த அமைப்பை எடுத்துக்கொண்டது. தேவநாகரிக் ககரத்தின் எண் U+0915. அதோடு பதினறும எண் 280-ஐக் கூட்டினால் தமிழ்க் ககரம் வந்துவிடும். ஜகரத்துக்கும் அதே கணக்குதான். தமிழில் இல்லாத எழுத்துகளின் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. தமிழுக்கே உரிய எழுத்துகளோ ஒலியில் நெருங்கியவற்றின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டன. அதனால் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, அப்புறம் ல, ள, ழ, வ.

நம் மெய்யெழுத்து வரிசைக்கு வேறு நியாயம் உண்டு. க் ங், ச் ஞ், ட் ண், த் ந், ப் ம் என்று ஒவ்வொரு வல்லினமும் தன் இன மெல்லினத்தோடு சேர்ந்து வருகிறது. இடையில் ய் ர் ல் வ் ழ் ள் என்ற இடையினம் ஆறு. கடைசியில் மிஞ்சியிருக்கும் வல்லின மெல்லினச் சோடியான ற் ன். கன்று, நன்றி என்று சொல்லிப் பார்த்தால் இவை இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். யூனிகோடின் எண் வரிசை இந்தச் சோடியைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் வைத்துவிட்டது. ன (U+0BA9) ர-வுக்கு (U+0BB0) முன்னால் வந்ததால்தான் கானாங்கெளுத்தி காரப்பொடியை முந்திக்கொண்டது. யூனிகோடைக் குறை சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லை. எழுத்தை அடையாளம் காட்டுவதற்கு மட்டும்தான் அந்த எண், அகரவரிசையை அதனிடம் எதிர்பார்த்தது நம் கருவிகள்.

இப்போது கட்டுமரத்துக்கு வருவோம். நுட்பமான சிக்கல் இதுதான். நாம் 'ட்' என்று ஓர் எழுத்தாகப் பார்ப்பது கணினிக்குள் ட, புள்ளி என்று இரண்டாக இருக்கிறது. 'டா' என்றால் ட-வும் காலும். 'ட' மட்டும் ஒன்றே ஒன்று, அகரம் அதற்குள்ளேயே அடக்கம். ஆக, கடம்பா என்பது க, ட, ம, புள்ளி, ப, கால். கட்டுமரம் என்பது க, ட, புள்ளி, ட என்று போகிறது. முதல் இரண்டும் இரண்டு சொல்லிலும் ஒன்றே. மூன்றாவது இடத்தில் ஒரு பக்கம் ம (U+0BAE), இன்னொரு பக்கம் புள்ளி (U+0BCD). புள்ளியின் எண் பெரியது, அதனால் கட்டுமரம் பின்னால் தள்ளப்படுகிறது. தமிழில் மெய்தான் முதல், அதன் பிறகே உயிர்மெய்: ட், ட, டா, டி. கணினியின் எண் வரிசையிலோ புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் கடைசியில் இருக்கிறது. கா முதல் கௌ வரை மற்ற குறிகள் ஒழுங்கான வரிசையிலேயே எண் பெற்றிருப்பதால் அவற்றில் கோளாறு வருவதில்லை. இந்தப் பாதிச் சரிதான் பலரை ஏமாற்றுகிறது. நாலு சொல்லைப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

ஃபைபர் படகு மேலே போனதற்குக் காரணம் எளிது. ஆய்த எழுத்தின் எண் U+0B83, அகரத்தின் எண் U+0B85. தமிழில் ஆய்தம் ஔகாரத்துக்குப் பிறகு, ககரத்துக்கு முன். ஃபைபரைத் தேடுகிறவர் ப-வில்தான் பார்ப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. எழுதியபடிதான் அடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இல்லாவிட்டால் அஃறிணைக்கு ஒரு விதி, ஃபைபருக்கு ஒரு விதி என்று ஆகிவிடும்.

சரி, தீர்வுக்கு வருவோம். சொல்லைக் கணினி வைத்திருக்கும் துண்டுகளாக ஒப்பிடாமல், நாம் படிக்கும் எழுத்துகளாக ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் இரண்டு எண் கொடுப்போம். முதல் எண் மெய் எது என்பதற்கு, நம் வரிசைப்படி. இரண்டாவது அதில் ஏறிய உயிருக்கு: புள்ளி என்றால் 0, அகரம் என்றால் 1, கால் என்றால் 2, அப்படியே மேலே. பைத்தானில் எழுதினால் இவ்வளவுதான், இதில் `words` என்பது நம் சொற்பட்டியல்:

```python
import unicodedata

UYIR  = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃ"
MEY   = "கஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ\ue000"
KURI  = "\u0bbe\u0bbf\u0bc0\u0bc1\u0bc2\u0bc6\u0bc7\u0bc8\u0bca\u0bcb\u0bcc"
PULLI = "\u0bcd"

def key(word):
    w = word.replace("\u200c", "")
    w = unicodedata.normalize("NFC", w)
    w = w.replace("க்ஷ", "\ue000")
    out = []
    for i, c in enumerate(w):
        nxt = w[i+1:i+2]
        if c in UYIR:
            out.append((UYIR.index(c), 0))
        elif c in MEY:
            if nxt == PULLI:
                v = 0
            elif nxt and nxt in KURI:
                v = 2 + KURI.index(nxt)
            else:
                v = 1
            out.append((100 + MEY.index(c), v))
    return out

words.sort(key=key)
```

கட்டுமரத்தில் இரண்டாவது எழுத்து 'ட்', அதன் உயிர் எண் 0. கடம்பாவில் அது 'ட', உயிர் எண் 1. கட்டுமரம் முந்திக்கொள்கிறது. இந்த முறையில் பட்டியல் இப்படி வருகிறது:

ஃபைபர் படகு, கட்டுமரம், கடம்பா, காரப்பொடி, கானாங்கெளுத்தி, கொடுவா, சங்கரா, சௌகார்பேட்டை, தண்டையார்பேட்டை, ரிக்‌ஷா, வஞ்சிரம், ஜார்ஜ் டவுன்.

இங்கே உயிரெழுத்தில் தொடங்கும் சொல் இல்லாததால் ஃபைபர் இன்னும் முதலில் நிற்கிறது. எண்ணூரையோ ஓட்டேரியையோ சேர்த்தால் அது அவற்றுக்குக் கீழே இறங்கிவிடும். இடைவெளியை இந்த நிரல் கண்டுகொள்வதில்லை. ஜார்ஜ் டவுன் ஒரே சொல்லாகவே எண்ணப்படும்.

நிரலின் முதல் சில வரிகள் ஏன் வேண்டும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கண்ணுக்கே தெரியாத பிழைகள் அங்கேதான் இருக்கின்றன. கொடுவாவில் வரும் 'கொ' இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்றாக (U+0BCA) இருக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக (U+0BC6, U+0BBE) இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரிந்ததை அப்படியே விட்டால் இந்த நிரலில் கொடுவா, கெளுத்திக்கும் முன்னால் போய் விழும். `NFC` என்ற ஒழுங்குபடுத்தல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஆனால் சௌகார்பேட்டையில் அது உதவாது. ஔகாரக் குறியைத் தட்டாமல் ஒற்றைக்கொம்பையும் ளகர எழுத்தையும் தட்டி 'செளகார்பேட்டை' என்று எழுதுவது மிகப் பரவலான பழக்கம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது செ-வும் ள-வும். அந்தச் சொல் சென்னைக்கும் முன்னால் வந்து நிற்கும், சோவுக்கு அடுத்து வர வேண்டியது. இதை நிரல் தானாகத் திருத்தவும் முடியாது, ஏனென்றால் கெளுத்தியில் இருப்பது உண்மையான கெ-வும் ளு-வும்தான். ஒற்றைக்கொம்புக்குப் பின் ள வரும் சொற்களை மட்டும் தேடியெடுத்து ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்துவதே வழி. 'ஒளவை' என்று எழுதப்பட்ட ஔவைக்கும் இதே கதைதான்.

ரிக்‌ஷாவில் வேறொரு சங்கதி. க்ஷ கூட்டெழுத்தாக உருமாறாமல் க், ஷ் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று பலர் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பு நீக்கியை (U+200C) வைக்கிறார்கள். சிலர் வைப்பதில்லை. அப்படியே விட்டால் ஒரே சொல் பட்டியலில் இரண்டு இடத்தில் வரும். அதனால் அதை முதலில் நீக்கிவிட்டு, க்ஷ-வைக் கடைசிக் கிரந்த எழுத்தாக வைத்திருக்கிறேன். க் என்று பிரித்தால் க்ஷத்திரியன் 'க' சொற்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடுவான், அங்கே அவனை யாரும் தேட மாட்டார்கள். இதற்கு விலையாக ரிக்‌ஷா, ரி-யில் தொடங்கும் சொற்களின் கடைசிக்குப் போகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஸ்ரீ-யிலும் இப்படி ஒரு பிளவு உண்டு. 2005-இல் ஶ (U+0BB6) யூனிகோடில் சேர்ந்தபின் ஶ்ரீ என்று அதை எழுத முடிகிறது, விசைப்பலகைகள் பலவும் இன்னும் ஸகரத்தோடுதான் தருகின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, வரிசைப்படுத்துமுன் பட்டியல் முழுவதையும் அதற்கு மாற்றிவிட வேண்டும்.

நிரல் எழுதத் தெரியாதவர், தாம் பயன்படுத்தும் விரிதாளோ இணையக் கருவியோ நம்பத் தகுந்ததா என்று பார்க்க ஏழு சொல் போதும்: ஜார்ஜ், கானா, கடம்பா, வஞ்சிரம், காரம், ஔவை, கட்டுமரம். வரிசைப்படுத்தியபின் ஔவை, கட்டுமரம், கடம்பா, காரம், கானா, வஞ்சிரம், ஜார்ஜ் என்று வந்தால் அந்தக் கருவிக்குத் தமிழ் வரிசை தெரியும். கடம்பா கட்டுமரத்தை முந்தினால் அதற்குப் புள்ளி தெரியவில்லை. கானா காரத்தை முந்தினாலோ ஜார்ஜ் வஞ்சிரத்தை முந்தினாலோ அது வெறும் எண்ணைத்தான் ஒப்பிடுகிறது. ஜார்ஜ் கடைசியில் சரியாக நின்று, கட்டுமரம் மட்டும் பிசகினால், மெய் வரிசை அதற்குத் தெரியும், புள்ளியைத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கருவி அடுக்கிய பட்டியலில் புள்ளி எழுத்து வரும் சொற்களை மட்டும் கையால் நகர்த்தினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.